பொட்டலத்துக்கு ஞாபகம் கிடையாது

பானுப்பிரியா எந்த மாடியில் ஏறி வருகிறாள் என்று செருப்புச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். வலது கால் செருப்பின் வார் இரண்டு முறை தைத்தது. படிக்கு ஒரு 'டப்' கூடுதலாகக் கேட்கும். அந்தச் சத்தம் மூன்றாவது மாடிக்கு வரும்போது நான் டீ வடிகட்டிக்கொண்டிருந்தால், ஒரு டம்ளரில் மட்டும் சர்க்கரையைக் குறைத்துவிடுவேன்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் இருக்கிறது எங்கள் பல்கலைக்கழகம். மூன்றாவது மாடி புள்ளியியல் துறை. அங்கே பதினோரு வருடமாகப் பெருக்கித் துடைப்பதும் டீ கொடுப்பதும் என் வேலை. பெயர் நாகவல்லி. ஊர் பக்கத்தில் பருத்திப்பட்டு. ஐந்தாவதோடு படிப்பு நின்றது. அம்மன் புண்ணியத்தில் தமிழ் நன்றாக வாசிப்பேன். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பேன்.

பானு திருமழிசைப் பெண். அவள் தாத்தா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். அப்பா செங்கல்வராயன் திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் துளை போடும் மிஷின் ஓட்டுகிறார். பானு காலேஜ் முடித்ததும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஆபீசில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். பகல் முழுக்கத் திரையில் ஓடும் எண்களில் தப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏன் அந்த எண், எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை. விட்டுவிட்டு இங்கே எம்.எஸ்ஸி. சேர்ந்தாள்.

கேட்பதுதான் அவள் குணம். வந்த புதிதில் என்னிடம், "அக்கா, ஒரு நாளைக்கு எத்தினி டம்ளர் டீ மிச்சம் ஆவுது?" என்றாள். பதினோரு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. "திங்கக்கெழம ஜாஸ்தி, வெள்ளிக்கெழம ஒண்ணும் மிஞ்சாது" என்றேன். "ஏன்?" என்றாள். "வெள்ளிக்கெழம சாயங்காலம் மீட்டிங்கு. மீட்டிங்குனா ஆளுக்கு ரெண்டு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே அதை ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மதியச் சாப்பாடு எங்கள் இருவருக்கும் ஒன்றாகத்தான். அவள் டப்பாவில் புளிசாதம் இருந்தால் எனக்கு நல்ல நாள்.

எம்.எஸ்ஸி. முடித்தவளுக்கு இங்கேயே பிஎச்.டி. சேர இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் கட்டணம் கட்டிப் படிக்க அவர்கள் வீட்டில் வழியில்லை. அதற்கு ஒரு வாசல் இருந்தது. டீச்சிங் அசிஸ்டன்ட் என்று எடுத்துக்கொண்டால், வாரத்தில் எட்டு மணி நேரம் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு டுடோரியல் எடுக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும். அதற்குப் பதிலாகக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. இடம் நான்கு. கேட்பவர்கள் பதினேழு பேர். கிடைக்காவிட்டால் பானு திரும்பவும் அம்பத்தூர் பஸ் ஏற வேண்டியதுதான். அங்கே அவள் நாற்காலி இன்னும் காலியாக இருப்பதாக மேனேஜர் போன் போட்டுச் சொல்லியிருந்தார்.

விண்ணப்பத்தோடு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். 'நீங்கள் எப்படிக் கற்பிப்பீர்கள்? ஒரு கடினமான கருத்தை நீங்கள் விளக்கிய ஓர் எடுத்துக்காட்டோடு எழுதுக.' ஒரே பக்கம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள்.

வியாழக்கிழமை பதினோரு மணி டீயோடு நான் செல்வகுமார் சார் அறைக்குள் போனபோது, பானு எழுதியதை அவர் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய மாணவியாகத்தான் அவள் சேர இருந்தாள். நல்ல மனிதர். கோபம் வந்தால் குரல் இறங்கும். அன்றைக்கு நன்றாகவே இறங்கியிருந்தது.

"'மாணவரை மையமாகக் கொண்ட கற்பித்தலில் எனக்கு ஆழ்ந்த நம்பிக்கை உண்டு.' இதைப் பதினேழு பேரும் எழுதுவாங்க பானு. யாருக்கு அதுல நம்பிக்கை இல்ல?"

"எடுத்துக்காட்டு குடுத்திருக்கேன் சார். காசு சுண்டுறது."

"'ஒரு மாணவருக்கு விளக்கினேன், உடனே புரிந்துகொண்டார்.' யாரு அந்த மாணவர்?"

பானு காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியைப் படித்தாள்.

"பேரு வேணாம். எங்க உக்காந்திருந்தார்? என்ன கேட்டார்? நீ சொன்னது எந்த எடத்துல அவருக்கு இடிச்சது? உடனே புரிஞ்சுதுன்னா அது கஷ்டமான விஷயமே இல்லையேம்மா."

"யாரும் இல்ல சார். பொதுவா எழுதினேன்."

"அது தெரியுது." சார் டம்ளரை எடுத்துக்கொண்டார். "நெஜமா யாருக்காவது சொல்லி, அவங்களுக்குப் புரியாமப் போயிருக்கா?"

பானு என்னைப் பார்த்தாள். பார்த்த வேகத்திலேயே கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "யோசிச்சு எழுதறேன் சார்" என்று வெளியே போய்விட்டாள். தட்டைப் பிடித்திருந்த எனக்கு அவள் யாரை நினைத்தாள் என்று புரிந்துவிட்டது.

அது போன ஆடி மாதக் கதை.

என் மகள் ஜோதிகாவை அம்பத்தூர் ஒரகடத்தில் கொடுத்திருக்கிறேன். இரண்டு பெண் குழந்தைகள். இரண்டாவது பிரசவத்தில் இரத்தம் நிறையப் போய், பிழைத்தது அம்மன் தயவு. ஆனாலும் அவள் மாமியார் நாகம்மாள் விடவில்லை. "ரெண்டும் பொண்ணாப் போச்சு. மூணாவது கட்டாயம் பையன்தான்" என்று போகும்போதும் வரும்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். ஜோதிகாவுக்கு விருப்பமில்லை. எனக்கோ சம்பந்தியம்மா சொல்வது சரியென்றே பட்டது. இரண்டு முறை ஒரு பக்கம் சாய்ந்தது மூன்றாவது முறை மறுபக்கம் சாயாமல் எங்கே போகும்?

எங்கள் தெரு எல்லையம்மன் கோயிலில் பூக் கட்டிப் பார்ப்பது வழக்கம். செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம். இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் நினைத்தது நடக்கும். பையன் பிறப்பானா என்று முதல் வெள்ளிக்கிழமை கேட்டேன். சிவப்பு. இரண்டாவது வெள்ளிக்கிழமை கேட்டேன். அதுவும் சிவப்பு. மதியம் சாப்பிடும்போது பானுவிடம் சொன்னேன்.

"ரெண்டு தபா சேப்பு வந்துச்சு. இந்த வெள்ளிக்கெழம கட்டாயம் வெள்ளதான்."

பானு கையிலிருந்த கவளத்தை அப்படியே வைத்தாள். "அது எப்படிக்கா கட்டாயம்?"

"ரெண்டு தபா சேப்பு வந்துட்சே."

"ஒவ்வொரு தடவையும் ரெண்டு பொட்டலம்தானே? ரெண்டுல ஒண்ணு. போன வாரம் இன்னா வந்துதுன்னு இந்த வாரப் பொட்டலத்துக்கு எப்படித் தெரியும்? பொட்டலத்துக்கு ஞாபகம் கிடையாதுக்கா."

நான் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னேன். "பொட்டலத்துக்கு இல்ல பானு. அம்மாளுக்கு இருக்குமே."

டப்பாவைக் கழுவப் போன பானு குழாயடியிலேயே ரொம்ப நேரம் நின்றாள்.

மறுநாள் காலை நான் வராண்டா துடைக்கும்போது வாளியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, நேத்து நான் சொன்னது தப்பு."

"இன்னாடி தப்பு?"

"கணக்கு தப்பில்ல. உன்கிட்ட பூவை வச்சு சொன்னது தப்பு. நீ கோயில்ல பண்றது சாமிகிட்ட கேக்கறது. அதுல நான் கணக்கை நுழைச்சிட்டேன். பூவை வுடு. கொழந்தையை மட்டும் பேசலாமா?"

"பேசு."

"மொத ரெண்டும் பொண்ணு, மூணாவது ஒண்ணு பெத்துகினாங்க, அந்த மாதிரி ஊடுங்க உங்க தெருவுல எத்தினி கீது?"

"கீது நெறய."

"எல்லாத்துலயும் மூணாவது பையனா?"

"பின்ன? எங்க எதுத்த ஊட்ல பையன். மூலை ஊட்ல பையன்."

"ஞாபகத்துக்கு வர்ற ஊட்டைச் சொல்லாதக்கா. பையன் பொறந்தா தெரு முழுக்க சாக்லேட்டு குடுப்பாங்க, அது ஞாபகம் இருக்கும். நீ வரிசையா ஊடு ஊடா கேளு. ஒண்ணையும் வுடாத. பையன்னா ஒரு கொண்டக்கடல, பொண்ணுன்னா ஒரு மொச்சக்கொட்ட, ஒரு பாட்டில்ல போட்டுகினே வா. நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீயே எண்ணு."

ஆடி போய் ஆவணி பிறக்கும்வரை எண்ணினேன். எங்கள் தெரு, பின் தெரு, கோயில் தெரு, ரேஷன் கடைத் தெரு. 'எதுக்கு நாகவல்லி கேக்கற, எதுனா பணம் தராங்களா?' என்று கேட்டவர்கள் பாதிப் பேர். முதலில் வரிசையாகக் கடலை விழுந்தது. நான் சொன்னேன் பார்த்தாயா என்று மனதுக்குள் பானுவோடு பேசிக்கொண்டேன். கோயில் தெருவுக்குப் போனதும் மொச்சை விழ ஆரம்பித்தது.

ரேஷன் கடைத் தெருவில் பூக் கட்டும் ஓர் அம்மா. ஐம்பது வயது இருக்கும். கேட்டதும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு ஒரே பையன்தான். எங்கம்மா கணக்க வேணா எழுதிக்கோ. ரெண்டு பொண்ணு, மூணாவது நான்."

"உங்க பேரு?"

"வேண்டா."

எங்கள் திருவள்ளூர்ப் பக்கத்தில் பழைய ஆட்களுக்குத் தெரியும். பெண்ணாகப் பிறந்துகொண்டே இருந்தால் கடைசிப் பெண்ணுக்கு 'வேண்டா' என்று பேர் வைப்பார்கள். போதும், இனிப் பெண் வேண்டாம் என்று சாமிக்குச் சொல்வதாம். அடுத்தது பையனாகப் பிறக்குமாம்.

"அடுத்தது பையனா?" என்றேன்.

"அதுவும் பொண்ணு." நாரை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டார். "அவளுக்கு ரோஜான்னு நல்ல பேரா வச்சாங்க. வேண்டாம்னது மட்டும் என்னோட நின்னுடுச்சு. ரேஷன் கார்டுல, ஆஸ்பத்திரில, எல்லா எடத்துலயும் கூப்புடறாங்க. வேண்டா, வேண்டா."

நான் பாட்டிலில் ஒரு மொச்சையைப் போட்டேன். வாங்க நினைக்காத இரண்டு முழம் பூவையும் வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அம்மனிடம் நான் எதையும் கேட்கவில்லை.

பானு முன்னால் பாட்டிலைக் கொட்டி எண்ணினோம். இருபத்து மூன்று வீடு. கடலை பன்னிரண்டு, மொச்சை பதினொன்று.

"இன்னா தோணுதுக்கா?" என்றாள்.

"பையனும் வரலாம், பொண்ணும் வரலாம். மொதல்ல ரெண்டு பொண்ணு பொறந்ததால ஒண்ணும் மாறல."

"இதைத்தான் சார்பற்ற நிகழ்வுன்னு புக்குல எழுதி வச்சிருக்காங்க."

அந்தப் பாட்டிலை ஒரகடத்துக்குக் கொண்டுபோய், எது கடலை, எது மொச்சை என்று எல்லாவற்றையும் சொன்னேன். நாகம்மாள் சம்பந்தி குலுக்கிப் பார்த்துவிட்டு, "காலேஜுல பெருக்கப் போனவங்க கணக்கு வாத்தியாரா ஆயிட்டாங்க" என்றார். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை ராகேஷ்தான் பாட்டிலை வாங்கி ஒவ்வொன்றாக எண்ணினார். "கட்டாயம்னு சொன்னியேம்மா. பாதிக்குப் பாதிக்காக அவளை இன்னொரு தபா ஆஸ்பத்திரில படுக்க வைக்கவா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு அந்த வீட்டில் நின்றது. சம்பந்திக்கு என் மேல் இன்னும் கொஞ்சம் வருத்தம்தான். பொங்கலுக்கு வந்தவர் கரும்பை மட்டும் வைத்துவிட்டு, காப்பி குடிக்காமல் போனார்.

இதெல்லாம்தான் அன்றைக்கு வியாழக்கிழமை பானுவின் கண்ணில் வந்துபோனது. மூன்றரை மணி டீயோடு அவளைத் தேடிப் போனேன். கம்ப்யூட்டர் அறையில் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் என்னை எழுதல?"

"எதை?"

"நடிக்காத. பாட்டில் கதைய."

அவள் சுழல் நாற்காலியைத் திருப்பினாள். "அது உன் ஊட்டு விஷயம்க்கா. அதுவும் இல்லாம, நான் மொதல்ல சொன்னது தப்பாப் போச்சு. வேலை கேட்டுப் போற காகிதத்துல எனக்குச் சொல்லத் தெரியாமப் போச்சுன்னு யாராவது எழுதுவாங்களா?"

"சார் அதத்தானே கேட்டாரு."

"இன்னொண்ணு கீது." குரல் தணிந்தது. "கமிட்டில அஞ்சு பேர். 'அம்மாளுக்கு ஞாபகம் இருக்குமே'ன்னு நீ சொன்னதைப் படிச்சிட்டு ஒருத்தர் சிரிச்சாலும் எனக்கு ஆவாது. உன்னைப் பாத்து சிரிக்க வச்சி எனக்கு சீட்டு வேணாம்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனாலும் சொன்னேன். "நான் சொன்னதுல சிரிக்க இன்னா கீது? அம்மாளுக்கு ஞாபகம் இருக்குதான். இன்னைக்கும் அதான் சொல்லுவேன்."

"அதான்க்கா. நீ சொன்னது தப்பே இல்ல. நான்தான் வேற கேள்விக்குப் பதில் சொல்லிகினு இருந்தேன்."

"அப்ப அதையே எழுது."

"ஜோதிகாவைக் கேக்கணும்" என்றாள். நான் அங்கேயே போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஜோதிகா சொன்னது இவ்வளவுதான்: "தாராளமா எழுதச் சொல்லு. எங்க மாமியா பேர மட்டும் போடாத. நான் டெய்லி அவங்க கையால சோறு துன்னணும்."

பானு சிரித்துக்கொண்டே கீபோர்டை இழுத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் எழுதி முடித்தாள். இங்கிலீஷில் எழுதியதை எனக்குத் தமிழில் சொல்லிக்காட்டினாள். முதல் வரியே இப்படி இருந்தது: 'சார்பற்ற நிகழ்வுகளை ஒருவருக்கு விளக்க முயன்று நான் தோற்றேன்.' பேர் இல்லை, ஊர் இல்லை. 'என்னோடு தினமும் சாப்பிடும் ஒருவர்' என்று மட்டும் இருந்தது. யார் கேட்டாலும் பேரைச் சொல்ல மாட்டேன் என்று எனக்கு வாக்கும் கொடுத்தாள். பூப்பொட்டலமும் என் பதிலும் அப்படியே இருந்தன. அதற்கடுத்து அவள் எழுதியதை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன்.

'அவருக்குப் புரியவில்லை என்று முதலில் நினைத்தேன். நான் தேர்ந்தெடுத்த எடுத்துக்காட்டுதான் அவருக்குப் பொருந்தவில்லை. எனக்குப் பூ என்பது தற்செயல். அவருக்கு அது பதில். அவர் நம்பிக்கையைத் தொடாத, அவரே எண்ணிப் பார்க்கக்கூடிய வேறொன்றைத் தேடினேன். எண்ணும் விதியை மட்டும் நான் சொன்னேன். முடிவை அவர் சொன்னார்.'

கடைசிப் பத்தியில், முதலாண்டு டுடோரியலில் என்ன செய்வாள் என்று எழுதியிருந்தாள். கணக்கைப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊகத்தை எழுதித் தர வேண்டும். பிறகு அவர்களே சுண்டியோ எண்ணியோ பார்க்க வேண்டும். ஊகம் எங்கே இடித்தது என்பதிலிருந்துதான் பாடம் தொடங்கும். 'நம்பிக்கை உண்டு' என்ற சொல் எங்கேயும் இல்லை.

"ஒரு பக்கத்துக்கு ரெண்டு வரி ஜாஸ்தி ஆயிடுச்சு" என்றாள்.

"எதை எடுக்கப் போற?"

"நான் எம்.எஸ்ஸி.ல வாங்கின மார்க்கை. அது விண்ணப்பத்துலயே கீது."

நாலே முக்காலுக்கு அனுப்பினாள்.

அடுத்த புதன்கிழமை நேர்காணல். கூட்ட அறையில் செல்வகுமார் சாரோடு சேர்த்து ஐந்து பேர். நடுவில் துறைத்தலைவர் ராதிகா மேடம். பானு உள்ளே போகும்போது பதினோரு மணி ஆகிவிட்டது. நான் டீ கொண்டுபோகாமல் எப்படி இருக்க முடியும்? அது என் வேலை நேரம்.

ராதிகா மேடம் கையில் பானுவின் காகிதம் இருந்தது. "இருபத்து மூணு வீடு போதுமா பானுப்பிரியா? இதை வச்சு எதை நிரூபிப்பீங்க?"

"ஒண்ணையும் நிரூபிக்க முடியாது மேடம். பாதிக்குப் பாதின்னு சொல்லக்கூட இது பத்தாது. ஆனா 'கட்டாயம்'ங்கற வார்த்தையை உடைக்கப் போதும். அவங்களை அந்த வார்த்தைதான் பிடிச்சு வச்சிருந்தது."

ஓரத்தில் இருந்த சின்னசாமி சார் கேட்டார். "தெருவுல எண்ணினதுல அவங்க வேணும்னே பையன் வீட்டை மட்டும் எண்ணியிருந்தா?"

"அதுக்குத்தான் ஒரு வீடும் விடாம வரிசையா போகச் சொன்னேன் சார். அவங்க நேர்மையா எண்ணினாங்க. அவங்க நினைச்சதுக்கு எதிரா வந்ததையும் போட்டாங்க."

மேடம் காகிதத்தைக் கீழே வைத்தார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. படிக்க நல்லா இருக்கு. கொஞ்சம் ரொம்பவே நல்லா இருக்கு. இந்த அம்மா நெஜமாவே இருக்காங்களா?"

பானு கையைப் பிசைந்தாள். பேர் சொல்ல மாட்டேன் என்று எனக்குக் கொடுத்த வாக்கு அவள் முகத்தில் தெரிந்தது. "இருக்காங்க மேடம்" என்றாள். பேரைச் சொல்லாமல் விட்டால் அவள் கதை கட்டியதாகப் போய்விடும்.

நான் மேடத்தின் முன்னால் டம்ளரை வைத்தேன். "நான்தான் மேடம்."

நான்கு பேர் என்னைப் பார்த்தார்கள். செல்வகுமார் சார் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கும் போல. ராதிகா மேடம் கண்ணாடியைக் கழற்றினார். பதினோரு வருடமாக அவருக்கு டீ கொடுக்கிறேன்.

"நாகவல்லிம்மா, நீங்களா?" கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கட்டுமா? விருப்பம் இருந்தா சொல்லுங்க. ஒரு காசை அஞ்சு தடவை சுண்டறேன். அஞ்சு தடவையும் தலை விழுது. ஆறாவது என்ன விழும்?"

பானு என்னைப் பார்க்கவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் இன்னும் இரண்டு டம்ளர்கள் இருந்தன.

"தலையும் வுழலாம், பூவும் வுழலாம் மேடம். காசுக்கு ஞாபகம் கெடையாது."

"சரி."

"ஆனா அஞ்சும் தலையா வுழுந்தா, நான் மொதல்ல காசைத் திருப்பிப் பாப்பேன். ரெண்டு பக்கமும் தலையா இருக்கப் போவுது."

சின்னசாமி சார்தான் முதலில் சிரித்தார். அது பானு பயந்த சிரிப்பு இல்லை. மேடம், "அதுவும் சரிதான். அது ரெண்டாம் வருஷப் பாடம்" என்றார். பானுவின் பக்கம் திரும்பி, "இதையும் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்" என்றாள் பானு. "அதை நான் சொல்லிக் குடுக்கல."

நான் மிச்ச டீயைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். உள்ளே அவளிடம் இன்னும் கால் மணி நேரம் கேட்டார்கள். அதெல்லாம் எனக்குப் புரியாத இங்கிலீஷ்.

முடிவு வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். பூசாரி தேவராஜ் என்னைப் பார்த்ததும் கேட்டார், "இன்னா நாகவல்லி, பூப் போடணுமா? வெள்ள அரளி நெறய கீது."

"வேணாம் நைனா. வெளக்கு மட்டும் ஏத்திட்டுப் போறேன்."

"கோச்சுகினியா அம்மா மேல?"

"அவகிட்ட கோச்சுக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு விளக்கை ஏற்றினேன்.

மறுநாள் நான்கு மணிக்குப் பியூன் சுலைமான் பாய் ஒரு காகிதத்தை அறிவிப்புப் பலகையில் குத்தினார். பானு அங்கே இல்லை. பயத்தில் நூலகத்துக்குப் போய்விட்டாள். நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுத்துக்கூட்டினேன். நான்கு பேர். முதல் பேர் அவளில்லை. இரண்டாவது அவளில்லை. மூன்றாவது பெரிய பேர், படிக்க நேரம் பிடித்தது, அதுவும் அவளில்லை. நான்காவது பேர் 'பி'யில் தொடங்கியது. அடுத்த எழுத்து 'ஏ'. அதற்குமேல் எழுத்துகள் கண்ணில் கலங்கிவிட்டன.

"சுலைமான் பாய், இந்த நாலாவது கொஞ்சம் படிங்க."

"பானுப்பிரியா, எஸ். நம்ம பானுதான்க்கா."

நூலகம் முதல் மாடியில். என் முழங்காலுக்கு அந்தப் படிகள் ஆகாது, ஆனாலும் போனேன். கடைசி மேசையில் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்து, படிக்காமல் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். எழுந்து வந்து, அழுக்குப் புடவை என்றும் பார்க்காமல் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நூலகர் பேனாவால் மேசையைத் தட்டினார்.

வராண்டாவுக்கு வந்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பானுவுக்கே உரிய மாதிரி ஒரு கேள்வி கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுக்கா. எனக்காக நேத்து கோயில்ல பூக் கட்டிப் பாத்தியா?"

"இல்ல."

"ஏன்? நான் சொன்னதாலயா?"

"நீ சொன்னதால இல்ல. கேட்டா அவ ஆமா, இல்லன்னு ரெண்டுல ஒண்ணுதான் சொல்லுவா. இந்த தபா நான் கேக்கல. வேண்டிகினேன்."

அவள் அதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளவில்லை. "டீ மிச்சம் கீதா?" என்றாள்.

"வெள்ளிக்கெழம ஏதுடி மிச்சம்?" என்றேன். ஆனால் ஒரு டம்ளர், சர்க்கரை குறைத்து, எடுத்துத்தான் வைத்திருந்தேன்.